விற்பனை கூடியும் லாபம் குறைகிறதா? சிறு கடையின் லாப நட்டக் கணக்கில் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

கடையில் கூட்டம் குறையவில்லை, பில் எண்ணிக்கை ஏறுகிறது, ஆனால் காலாண்டு முடிவில் மிஞ்சுவது மட்டும் போன வருடத்தைவிடக் குறைவு. இப்படி ஒரு லாப நட்டக் கணக்கைக் கையில் எடுக்கும் புதியவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது வாடகை, சம்பளம், மின்கட்டணம் ஆகிய வரிகளைத்தான். அவை ஒவ்வொரு மாதமும் கண்ணுக்குத் தெரிந்து போகிற பணம், அதனால் சந்தேகமும் அங்கேயே போகிறது. ஆனால் சில்லறை வியாபாரத்தில் விற்பனையின் பெரும்பங்கை விழுங்குவது விற்ற சரக்கின் அடக்கம். அந்த ஒரு வரியில் ஒரு சதவீதம் நகர்ந்தால், கீழே இருக்கும் செலவு வரிகளில் நீங்கள் மாதக்கணக்கில் மிச்சம் பிடித்ததெல்லாம் சத்தமில்லாமல் போய்விடும். எனவே இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அந்த ஒரு வரியைப் பிரித்துப் பார்ப்பதில்தான் போகும்.

ஓர் உதாரணக் கடையை வைத்துக்கொள்வோம். எழுதுபொருள், பைகள், கைப்பேசித் துணைப்பொருள்கள் என்று மூன்று வகைச் சரக்கு விற்கும் சிறு கடை. கீழே இருப்பது போன வருடத்தின் ஒரு காலாண்டும் இந்த வருடத்தின் அதே காலாண்டும். எண்கள் நான் அமைத்தவை, எந்த நாணயமாகவும் வைத்துக்கொள்ளலாம்.

| | போன வருடம் | இந்த வருடம் |
|---|---|---|
| நிகர விற்பனை | 10,00,000 | 11,00,000 |
| தொடக்க இருப்பு | 6,00,000 | 6,40,000 |
| கொள்முதல் | 7,20,000 | 8,28,000 |
| இறுதி இருப்பு | 6,20,000 | 6,65,000 |
| விற்ற சரக்கின் அடக்கம் | 7,00,000 | 8,03,000 |
| மொத்த லாபம் | 3,00,000 | 2,97,000 |
| வாடகை | 70,000 | 70,000 |
| சம்பளம் | 1,10,000 | 1,14,000 |
| அட்டை, இணையவழிப் பணக் கட்டணம் | 8,000 | 15,000 |
| இதர செலவு | 52,000 | 53,000 |
| நிகர லாபம் | 60,000 | 45,000 |

ஒரே காலாண்டை ஒப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. பள்ளி திறக்கும் காலத்தில் எழுதுபொருள் அதிகம் போகும், வேறு காலத்தில் வேறு சரக்கு போகும். முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டால் பருவ மாற்றத்தை ஒழுகல் என்று எண்ணிவிடுவோம்.

முதல் படி: எல்லாவற்றையும் சதவீதமாக்குங்கள்

ஒவ்வொரு வரியையும் நிகர விற்பனையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். நிகர விற்பனை என்பது வாடிக்கையாளரிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி, திரும்பி வந்த பொருள், பில்லில் கொடுத்த தள்ளுபடி மூன்றையும் கழித்த எண். விற்பனைத் தொகை வரியைச் சேர்த்தும், கொள்முதல் தொகை வரியைச் சேர்க்காமலும் எழுதப்பட்டிருந்தால் மொத்த லாபம் பொய்யாக வீங்கித் தெரியும். திரும்பப் பெற முடியாத கொள்முதல் வரி இருந்தால் அது சரக்கின் அடக்கத்தோடு சேர வேண்டும்.

நம் கடையில் மொத்த லாபம் 30 சதவீதத்திலிருந்து 27 சதவீதமாக இறங்கியிருக்கிறது. வாடகை 7 சதவீதத்திலிருந்து 6.4 ஆகவும், சம்பளம் 11 சதவீதத்திலிருந்து 10.4 ஆகவும் குறைந்திருக்கின்றன. தொகையாகப் பார்த்தால் சம்பளம் 4,000 ஏறியிருக்கிறது, அதனால் உரிமையாளர் அதைத்தான் குறை சொல்வார். ஆனால் விற்பனைக்கு ஏற்றபடி பார்த்தால் ஊழியர்கள் முன்பைவிட அதிகம் விற்றுக் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது தேட வேண்டிய தொகையை நிர்ணயிக்கலாம். 11,00,000 விற்பனையில் பழைய 30 சதவீதம் நின்றிருந்தால் மொத்த லாபம் 3,30,000 வந்திருக்கும். வந்தது 2,97,000. இடைவெளி 33,000. இனி செய்யப் போவதெல்லாம் இந்த 33,000 எங்கே போனது என்று பெயர் வைப்பதுதான்.

இரண்டாம் படி: இறுதி இருப்பை நம்பலாமா என்று பாருங்கள்

ஒழுகலைத் தேடும் முன் ஒழுகல் உண்மையில் இருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். விற்ற சரக்கின் அடக்கம் யாரும் நேரடியாக அளந்து எழுதிய எண் அல்ல. தொடக்க இருப்போடு கொள்முதலைக் கூட்டி, இறுதி இருப்பைக் கழித்தால் வருவது. அதனால் இந்த மூன்றில் எதில் பிழை இருந்தாலும் அது அப்படியே லாபத்தில் வந்து விழும். இறுதி இருப்பை 20,000 கூட்டி எழுதினால் லாபமும் 20,000 கூடும். அடுத்த காலாண்டுக்கு அதுவே தொடக்க இருப்பு என்பதால் அங்கே லாபம் 20,000 குறையும்.

அடிக்கடி நடப்பது தேதிப் பிழை. காலாண்டின் கடைசி நாளில் சரக்கு வந்து இறங்கியது, எண்ணிக்கையில் சேர்ந்துவிட்டது, ஆனால் அதற்கான பில் அடுத்த மாதக் கணக்கில் ஏறியது. இந்தக் காலாண்டு அழகாகத் தெரியும், அடுத்தது அசிங்கமாகத் தெரியும். ஆகவே கடைசி வாரத்திலும் அடுத்த காலாண்டின் முதல் வாரத்திலும் வந்த கொள்முதல் பில்களை மட்டும் எடுத்து, சரக்கு வந்த தேதியையும் பில் ஏறிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிறிய கடையில் இது சீக்கிரம் முடிகிற வேலை. இன்னொரு அடையாளமும் உண்டு: லாப விகிதம் ஒரு காலாண்டு ஏறி, அடுத்தது இறங்கி, மறுபடி ஏறினால் பெரும்பாலும் கணக்குப் பிழை. படிப்படியாக ஒரே திசையில் இறங்கினால்தான் நிஜமான ஒழுகல் என்று சந்தேகிக்க வேண்டும்.

விற்காமல் கிடக்கும் பழைய சரக்கும் இங்கேதான் ஒளிந்திருக்கும். அடக்கவிலை, விற்றால் செலவு போக உண்மையில் கிடைக்கக்கூடிய தொகை, இரண்டில் எது குறைவோ அதில்தான் இருப்பைக் காட்ட வேண்டும் என்பது ஐஏஎஸ் 2 கணக்கியல் தரநிலையின் விதி. சிறு கடைகளில் பலர் இதைச் செய்வதில்லை. மூன்று வருடமாகத் தூசி படிந்த பெட்டி முழு அடக்கத்தில் இருப்பில் நிற்கும். அது விற்காதவரை லாபத்தைப் பாதிக்காது, பாதி விலைக்குத் தள்ளிவிட்ட காலாண்டில் மொத்தமாக அடிக்கும்.

நம் கடையில் தேதிகள் சரியாக இருந்தன, இருப்பும் கையால் எண்ணியது என்று வைத்துக்கொள்வோம். 33,000 உண்மையான இடைவெளிதான்.

மூன்றாம் படி: வகைப் பங்கை முதலில் ஒதுக்குங்கள்

பில்லிங் மென்பொருளிலிருந்து வகைவாரியான விற்பனை அறிக்கையை எடுங்கள். போன வருடம் எழுதுபொருள் 5,00,000 விற்றது, லாபம் 36 சதவீதம். பைகள் 3,00,000, லாபம் 28 சதவீதம். கைப்பேசித் துணைப்பொருள்கள் 2,00,000, லாபம் 18 சதவீதம். மூன்றின் லாபத்தையும் கூட்டினால் 3,00,000, அதாவது கணக்கில் இருக்கும் அதே தொகை.

இந்த வருடம் எழுதுபொருளும் பைகளும் அப்படியே நின்றன. கூடிய ஒரு லட்சமும் கைப்பேசித் துணைப்பொருள்களில் வந்தது, அந்த வகை இப்போது 3,00,000. எந்த வகையிலும் லாப விகிதம் மாறவே இல்லை என்று வைத்துக் கணக்குப் போட்டால் 1,80,000 + 84,000 + 54,000 = 3,18,000. எதிர்பார்த்த 3,30,000க்கு 12,000 குறைவு. அதாவது 33,000 இடைவெளியில் 12,000, குறைந்த லாபமுள்ள சரக்கு அதிகம் விற்றதால் மட்டுமே வந்தது.

இதை ஒழுகல் என்று சொல்லலாமா? நான் சொல்ல மாட்டேன். கூடுதல் விற்பனை 18,000 லாபத்தைக் கூடவே கொண்டுவந்திருக்கிறது. சதவீதம் குறைந்ததற்காக அந்த வகையை நிறுத்தினால் அந்த 18,000உம் போய்விடும். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்: அந்தச் சரக்கு எழுதுபொருளின் அலமாரி இடத்தைப் பிடித்துக்கொண்டதா? எழுதுபொருள் விற்பனை சரிந்திருந்தால் கதை வேறு. இங்கே அது அப்படியே நிற்கிறது, ஆகவே 12,000ஐ ஓரமாக வைத்துவிட்டு மீதி 21,000ஐத் தேடுவோம்.

இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள்தான் பிறகு தவறான இடத்தில் விலையை ஏற்றுகிறார்கள், அல்லது ஊழியர்களைச் சந்தேகிக்கிறார்கள்.

நான்காம் படி: ஒவ்வொரு வகைக்குள்ளும் இறங்குங்கள்

பைகளில் லாபம் 28இலிருந்து 25 சதவீதமாகிவிட்டது. 3,00,000இல் 3 சதவீதம் என்றால் 9,000. காரணம் தெரிய, அதிகம் விற்கும் ஐந்தாறு பொருள்களின் கொள்முதல் பில்களைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். நம் கடையில், 100க்கு விற்கும் பையின் அடக்கம் 72 ஆக இருந்தது. ஒரு பில்லில் 73, அடுத்ததில் 74, இப்போது 75. ஒவ்வொரு முறையும் ஏறியது ஒன்றுதான், அதனால் யாரும் விற்பனை விலையைத் தொடவில்லை. மெல்ல ஏறும் அடக்கம் இப்படித்தான் கண்ணில் படாமல் போகும். ஒரே பில்லில் 72இலிருந்து 75க்குத் தாவியிருந்தால் அன்றைக்கே சண்டை வந்திருக்கும்.

விலையை 104 ஆக்கினால் ஒரு பைக்கு லாபம் 25இலிருந்து 29 ஆகும். வாடிக்கையாளர் போய்விடுவார் என்ற பயம் நியாயமானதுதான், ஆனால் அதையும் கணக்குப் போடலாம். 25ஐ 29ஆல் வகுத்தால் 0.86. அதாவது பைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய 14 சதவீதம் வரை குறைந்தாலும் இப்போது வரும் லாபத்துக்குக் கீழே போகாது. 4 சதவீத விலையேற்றத்துக்கு அவ்வளவு பேர் போவார்களா என்பது கடையில் நிற்பவருக்குத்தான் தெரியும். எல்லாரும் விலை தெரிந்து வாங்கும் ஒன்றிரண்டு மாடல்களை விட்டுவிட்டு மற்றவற்றை ஏற்றுவது வழக்கமான வழி.

இங்கேயே ஒரு பழைய குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். அடக்கத்தின் மேல் 30 சதவீதம் வைத்து விற்பவர், லாப நட்டக் கணக்கிலும் 30 சதவீதம் எதிர்பார்ப்பார். 100க்கு வாங்கி 130க்கு விற்றால் லாபம் 30, ஆனால் அது 130இல் 23 சதவீதம்தான். சில கடைகளில் "காணாமல் போன" 7 சதவீதம் உண்மையில் எங்கும் போகவே இல்லை, இரண்டு அளவுகோல்களைக் கலந்ததுதான் பிரச்சினை.

சரி, எழுதுபொருளுக்கு வருவோம். 36இலிருந்து 35 சதவீதமாகிவிட்டது, 5,000 இடைவெளி. கொள்முதல் விலைகள் மாறவில்லை. அப்படியானால் பார்க்க வேண்டியது தள்ளுபடி. லாப நட்டக் கணக்கு நிகர விற்பனையைத்தான் காட்டுகிறது, எனவே தள்ளுபடி அதில் தெரியவே தெரியாது. பில்லிங் மென்பொருளில் தள்ளுபடி அறிக்கை தனியாக இருக்கும். நம் கடையில் எழுதுபொருளில் மட்டும் போன வருடத்தைவிட 8,000 கூடுதலாகக் கழித்திருக்கிறார்கள். கல்லாவில் இருப்பவர் பில் தொகையைக் கீழ்நோக்கி முழு எண்ணாக்குவதும், தெரிந்தவருக்கு ஐந்து சதவீதம் விடுவதும் இப்படித்தான் சேரும்.

8,000 போயிருக்க, நம் கணக்கில் 5,000 மட்டும் தெரிவது ஏன்? தள்ளுபடி விற்பனை எண்ணையே குறைத்துவிட்டது. அதனால் நாம் எதிர்பார்த்த லாபமும் அந்த 8,000இன் 36 சதவீதம், அதாவது சுமார் 3,000 குறைந்தது. கையை விட்டுப் போனது முழு 8,000தான், அவர்கள் தள்ளுபடி இல்லாமலும் வாங்கியிருப்பார்கள் என்றால். ஆகவே சதவீத ஒப்பீடு தள்ளுபடியின் பாதிப்பை எப்போதும் குறைத்தே காட்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

கைப்பேசித் துணைப்பொருள்கள் 18 சதவீதத்திலேயே நிற்கின்றன. அங்கே ஒன்றும் இல்லை.

ஐந்தாம் படி: பில்லின் அடக்கமும் கணக்கின் அடக்கமும்

இதுவரை 12,000 + 9,000 + 5,000 = 26,000. இன்னும் 7,000 பாக்கி. இது எந்த வகையின் லாபத்திலும் தெரியாது. தெரிய வேறொரு ஒப்பீடு வேண்டும்.

பில்லிங் மென்பொருள், பில் போட்ட ஒவ்வொரு பொருளின் அடக்கத்தையும் கூட்டிச் சொல்லும். நம் கடையில் அது எழுதுபொருள் 3,25,000, பைகள் 2,25,000, கைப்பேசித் துணைப்பொருள்கள் 2,46,000, ஆக 7,96,000. லாப நட்டக் கணக்கில் இருப்பதோ 8,03,000. முதல் எண், பில் போட்டு வெளியே போன சரக்கு. இரண்டாவது, எப்படியோ கடையைவிட்டுப் போன சரக்கு முழுவதும். நடுவில் இருக்கும் 7,000தான் பில் இல்லாமல் போனது, அல்லது போனதாகத் தெரிவது. போன வருடம் இந்த இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன.

திருட்டு என்ற சொல் இங்கேதான் எல்லார் வாயிலும் முதலில் வரும். அதற்கு முன் நான்கு இடங்களைப் பார்த்துவிடுங்கள். ஒன்று, மென்பொருளில் பொருளின் அடக்கவிலை புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா? பைகளுக்கு இன்னும் 72 என்றே இருந்திருந்தால், விலையேற்றத்தின் 9,000உம் இந்த இடைவெளியில் வந்து சேர்ந்து, ஒரு பாவமும் அறியாத ஊழியரின் தலையில் விழுந்திருக்கும். இரண்டு, வண்டிக்கூலி கொள்முதலில் சேர்ந்து, பொருளின் அடக்கத்தில் சேராமல் இருக்கிறதா? மூன்று, குறையுள்ள சரக்கைத் திருப்பி அனுப்பி, விநியோகஸ்தரின் கிரெடிட் நோட் இன்னும் ஏறாமல் இருக்கிறதா? சரக்கு அலமாரியில் இல்லை, கொள்முதலும் குறையவில்லை, பார்ப்பதற்கு அச்சு அசலாகத் திருட்டு போலவே இருக்கும். நான்கு, கடையின் சொந்த உபயோகத்துக்கு எடுத்த பேனா, காகிதம், மாதிரிக்காகப் பிரித்த பெட்டி.

நம் கடையில் 4,000 வண்டிக்கூலி. முன்பு பெரிய ஆர்டராகப் போட்டபோது விநியோகஸ்தரே இலவசமாகக் கொண்டுவந்தார். இப்போது இருப்பு தீரத் தீர அவசரமாகச் சிறு ஆர்டர்கள் போடுகிறார்கள், குறைந்தபட்சத் தொகையைத் தொடாததால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கூலி. மீதி 3,000 உடைசல், காணாமல் போனது. 11 லட்சம் விற்பனையில் அது 0.3 சதவீதத்துக்கும் குறைவு. அதைத் துரத்தும் முன் மற்றவற்றைச் சரிசெய்வதுதான் புத்திசாலித்தனம்.

இடைவெளி எதிர்த்திசையிலும் வரலாம். கணக்கின் அடக்கம் பில்லின் அடக்கத்தைவிடக் குறைவாக இருந்தால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். ஏதோ ஒரு கொள்முதல் பில் ஏறவில்லை, அல்லது இருப்பை இரண்டு முறை எண்ணியிருக்கிறார்கள்.

ஆறாம் படி: மொத்த லாபத்துக்குக் கீழே விரைவாக ஒரு பார்வை

இங்கே அதிக நேரம் வேண்டாம். விற்பனையோடு சேர்ந்து ஏறும் செலவுகளை மட்டும் சதவீதத்தில் பாருங்கள். வாடகை போன்ற நிலையான செலவுகளைத் தொகையில் பார்த்தால் போதும். நம் கடையில் பணக் கட்டணம் 8,000இலிருந்து 15,000 ஆகியிருக்கிறது, 0.8 சதவீதத்திலிருந்து 1.4. விற்பனை பத்து சதவீதம்தான் கூடியது, கட்டணம் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. வாடிக்கையாளர்கள் ரொக்கத்திலிருந்து அட்டைக்கு மாறினார்களா, அல்லது சேவை நிறுவனம் விகிதத்தை ஏற்றியதா என்பதை மாத அறிக்கையில் கட்டணத்தை அட்டை விற்பனையால் வகுத்தால் சொல்லிவிடலாம். விகிதம் மாறியிருந்தால் பேரம் பேசலாம். பங்கு மாறியிருந்தால் அது புதிய நிலைமை, அதையும் சேர்த்துத்தான் விலை வைக்க வேண்டும். 18 சதவீத லாபமுள்ள கைப்பேசித் துணைப்பொருளுக்கு இந்தக் கட்டணம் எழுதுபொருளைவிட இரட்டிப்பு வலி.

சில கடைகளில் இந்தக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு வங்கியில் வரும் தொகையையே விற்பனையாக எழுதிவிடுகிறார்கள். அப்போது செலவு வரி காலியாக இருக்கும், ஒழுகல் விற்பனைக்குள்ளேயே மறைந்துவிடும். பில்லிங் மென்பொருளின் நிகர விற்பனையும் லாப நட்டக் கணக்கின் விற்பனையும் ஒன்றா என்று ஒருமுறை சரிபார்த்தால் இது பிடிபடும்.

எதை முதலில் சரிசெய்வது

பட்டியல் இப்போது கையில் இருக்கிறது: வகைப் பங்கு 12,000, பைகளின் அடக்கம் 9,000, தள்ளுபடி கணக்கில் 5,000 ஆனால் கையில் 8,000, வண்டிக்கூலி 4,000, காணாமல் போனது 3,000. கீழே பணக் கட்டணம் 7,000. முதலாவதைத் தொட வேண்டாம். பைகளின் விலையை இந்த வாரமே மாற்றலாம். தள்ளுபடிக்குக் கல்லாவில் ஒரு வரம்பு வைத்து, அதற்கு மேல் போனால் உரிமையாளரின் கடவுச்சொல் கேட்கும்படி மென்பொருளில் அமைக்கலாம். ஆர்டர்களை வாரத்தில் ஒரு நாளுக்குச் சேர்த்தால் வண்டிக்கூலியில் பெரும்பகுதி திரும்பும், ஆனால் அதற்குக் கொஞ்சம் கூடுதல் இருப்பு வைக்க வேண்டும், அந்தப் பணம் முடங்கும்.

மாற்றங்களைச் செய்த தேதியைக் குறித்து வையுங்கள். முழுக் காலாண்டு காத்திருக்காமல், மாதக் கடைசியில் வகைவாரி லாப விகிதத்தையும் தள்ளுபடித் தொகையையும் மட்டும் எடுத்துப் பாருங்கள். பைகள் 28ஐ நோக்கி ஏறாமல் 25இலேயே நின்றால், விலைச்சீட்டு மாறியும் மென்பொருளில் விலை மாறவில்லையா என்று முதலில் பார்க்க வேண்டும். அதுவும் மாறியிருந்தால் புதிய பில்லில் அடக்கம் 76 ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.